48 இலக்கச் சாவி யார் கணக்கில் இருக்கிறது?

புது லேப்டாப்பை முதன்முறை திறந்ததும் விண்டோஸ் வரிசையாகக் கேள்வி கேட்கும். எந்த நாடு, எந்த வைஃபை, எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கு. கணக்கையும் பாஸ்வேர்டையும் கொடுத்தால் சற்று நேரத்தில் திரை தயாராகிவிடும். இதற்கிடையில் பின்னணியில் இன்னொரு வேலையும் நடக்கும். வட்டில் இருக்கும் அனைத்தையும் குறியாக்கம் செய்து பூட்டுகிற வேலை அது. ஆபத்துக் காலத்தில் அந்தப் பூட்டைத் திறப்பதற்காக 48 இலக்கங்கள் கொண்ட மீட்புச் சாவி ஒன்று உருவாகி, நீங்கள் கொடுத்த அந்தக் கணக்குக்குப் போய்ச் சேரும். பெரும்பாலானவர்களுக்கு இது நடந்ததே தெரியாது.

சில வகை லேப்டாப்களில் பல வருடங்களாகவே இந்த வழக்கம் உண்டு. 2024 அக்டோபரில் வெளியான விண்டோஸ் 11-இன் 24H2 பதிப்பில் இதற்கான வன்பொருள் நிபந்தனைகளை மைக்ரோசாஃப்ட் தளர்த்தியது. அதனால் வீட்டுக்கு வாங்கும் சாதாரண ஹோம் பதிப்புக் கணினிகளிலும், புதிதாக விண்டோஸ் நிறுவும்போது குறியாக்கம் தானாகவே நடக்கிறது. பழைய விண்டோஸிலிருந்து அப்டேட் ஆகி வந்த கணினியை அது தானாகப் பூட்டுவதில்லை.

இந்த ஏற்பாட்டை நான் ஆதரிக்கிறேன். விண்டோஸில் நுழையும்போது நாம் தட்டும் பாஸ்வேர்டு, வட்டில் உள்ளவற்றைக் காப்பதில்லை. லேப்டாப்பைத் திருடியவன் நான்கு திருகுகளைக் கழற்றி எஸ்எஸ்டியை வெளியே எடுத்து, வேறொரு கணினியில் செருகினால் போதும். ஆதார் நகல், வங்கி விவரம், குடும்பப் படங்கள் எல்லாம் அப்படியே திறக்கும். முழு வட்டையும் குறியாக்கம் செய்திருந்தால் அவன் கையில் கிடைப்பது பொருளற்ற எண் குவியல் மட்டும்தான். சிக்கல் என்னவென்றால், சொந்தக்காரரையும் அந்தப் பூட்டு சில சமயம் வெளியே நிறுத்திவிடும்.

அது எப்படி நேர்கிறது என்று புரிய, பூட்டின் அமைப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். வட்டைக் குறியாக்கம் செய்த உண்மையான சாவி, வட்டிலேயே ஒரு சிறு பெட்டிக்குள் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெட்டிக்கு இரண்டு வாசல்கள். ஒன்றைத் திறப்பது லேப்டாப்பின் மதர்போர்டோடு இருக்கும் டிபிஎம் என்ற பாதுகாப்பு அமைப்பு. இன்னொன்றைத் திறப்பது அந்த 48 இலக்க எண். தினமும் நாம் கணினியைத் திறக்கும்போது முதல் வாசல் சத்தமில்லாமல் திறந்துவிடுகிறது. அதனால்தான் பூட்டு இருப்பதே நமக்குத் தெரிவதில்லை. ஆனால் டிபிஎம் கண்ணை மூடிக்கொண்டு சாவியைக் கொடுத்துவிடாது. கணினி வழக்கம்போலத்தான் கிளம்புகிறதா, செக்யூர் பூட் முன்பிருந்த நிலையிலேயே இருக்கிறதா என்று சரிபார்க்கும். ஏதாவது மாறியிருந்தால் சாவியைத் தர மறுக்கும். பயாஸ் அப்டேட், பயாஸில் ஓர் அமைப்பை மாற்றியது, எஸ்எஸ்டியை வேறு கணினிக்கு மாற்றியது, மதர்போர்டையே மாற்றியது என எதுவும் காரணமாகலாம். மதர்போர்டு போனால் பழைய டிபிஎம்மும் அதோடு போய்விடும். பிறகு மிஞ்சுவது இரண்டாவது வாசல் மட்டும்.

ஒரு கல்யாணப் போட்டோகிராபரை எடுத்துக்கொள்வோம். லேப்டாப் வாங்கிய அன்று, "எல்லாம் ரெடி பண்ணிக் கொடுத்துடுறேன் அண்ணே" என்று கடைப் பையன் சொல்கிறான். விண்டோஸ் நிறுவும்போது கணக்கு கேட்கிறது. அவருடைய மெயில் பாஸ்வேர்டு அவருக்கே நினைவில்லை. பையன் தன் கைபேசி எண்ணைக் கொடுத்து ஒரு புது அவுட்லுக் முகவரியைத் தொடங்கி உள்ளே நுழைகிறான். பிறகு, தினமும் பாஸ்வேர்டு கேட்காமல் இருக்கட்டும் என்று அதை உள்ளூர்க் கணக்காக மாற்றிக் கொடுத்துவிடுகிறான். அதற்குள் வட்டு பூட்டப்பட்டு, சாவி அந்த அவுட்லுக் முகவரிக்குப் போய்விட்டது. உள்ளூர்க் கணக்குக்கு மாறியதால் குறியாக்கம் விலகாது.

இரண்டு மழைக்காலம் கழித்து லேப்டாப் உயிர் விடுகிறது. மதர்போர்டை மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். எஸ்எஸ்டிக்கு ஒன்றும் ஆகவில்லை என்று கேட்டு இவருக்கு நிம்மதி. புது போர்டோடு கணினி கிளம்பியதும் பிட்லாக்கர் மீட்புத் திரை வந்து நிற்கிறது. மீட்புச் சாவியைத் தட்டச் சொல்கிறது. கூடவே எந்தச் சாவி வேண்டும் என்பதற்கு அடையாளமாக Key ID ஒன்றையும் காட்டுகிறது. aka.ms/myrecoverykey என்ற முகவரிக்குப் போய்ப் பார் என்கிறது. அவர் தன் கைபேசியிலிருந்து தன்னுடைய மெயிலில் நுழைகிறார். அங்கே சாவி எதுவும் இல்லை. இந்தக் கணக்கை அந்த லேப்டாப் பார்த்ததே இல்லையே. புதிய பதிப்புகளில் எந்தக் கணக்கில் சாவி இருக்கிறது என்பதற்கு மீட்புத் திரையிலேயே ஒரு துப்பு வரும், முகவரியின் சில எழுத்துகள் மட்டும் தெரியும்படி. அதை வைத்து முகவரியைக் கண்டுபிடித்தாலும், பாஸ்வேர்டை மீட்கும் குறியீடு கடைப் பையனின் பழைய எண்ணுக்குத்தான் போகும். இரண்டு வருடம் யாருமே நுழையாத கணக்கை மூடிவிடும் உரிமையும் மைக்ரோசாஃப்டுக்கு உண்டு.

மைக்ரோசாஃப்டைக் கூப்பிட்டால்? தொலைந்த மீட்புச் சாவியை எடுத்துத் தரவோ புதிதாக உருவாக்கித் தரவோ தங்களால் முடியாது என்று அவர்களே தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். மெக்கானிக்கால் செய்ய முடிந்தது வட்டை அழித்து விண்டோஸைப் புதிதாக ஏற்றுவது மட்டும். அத்தனை வீட்டுக் கல்யாணப் படங்களும் போய்விடும்.

எண்ணை ஊகித்துத் தட்டிப் பார்க்கலாமே என்று தோன்றும். அந்த 48 இலக்கங்கள் ஆறு ஆறாக எட்டுத் தொகுதிகளாக இருக்கும். ஒவ்வொரு தொகுதியும் 11-ஆல் மீதியின்றி வகுபடும். 135795 என்பது அப்படி ஒன்று. 11-ஆல் வகுத்தால் 12345 வரும். இதில் ஓர் இலக்கம் தப்பினாலும், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இரண்டு இடம் மாறினாலும் வகுபடாது. அந்தத் தொகுதி தவறு என்று கணினிக்கு உடனே தெரிந்துவிடும். பதற்றத்தில் தட்டுகிறவர்களுக்கு இது பெரிய உதவி. இந்தக் கட்டுப்பாட்டையெல்லாம் கழித்த பிறகும் மிஞ்சும் சாத்தியங்களின் எண்ணிக்கை, 3-க்குப் பின்னால் 38 இலக்கங்கள் போட்டால் வருகிற அளவு. ஊகித்துத் திறக்க வழியே இல்லை.

பெரிய நிறுவனங்களும் இதில் மாட்டியிருக்கின்றன. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பிழையான அப்டேட்டால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின; இந்திய விமான நிலையங்களில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். பழுதை நீக்க, பிழையான ஒரு கோப்பை அழித்தால் போதும். ஆனால் வட்டு குறியாக்கத்தில் இருந்த இடங்களில், அந்தக் கோப்பைத் தொடுவதற்கே பல கணினிகளில் மீட்புச் சாவியைத் தட்ட வேண்டியிருந்தது. எந்தக் கணினியின் சாவி எங்கே என்று ஒழுங்காக வைத்திருந்தவர்கள் சீக்கிரம் மீண்டார்கள்.

உங்கள் லேப்டாப்பின் நிலையை இன்றே பார்த்துவிடலாம். தேடும் பெட்டியில் cmd என்று தட்டி, Run as administrator என்பதைத் தேர்ந்தெடுத்துத் திறந்து, இவற்றை ஒவ்வொன்றாகக் கொடுங்கள்.

```
manage-bde -status C:
manage-bde -protectors -get C:
```

முதல் கட்டளையின் பதிலில் Protection On என்று இருந்தால் பூட்டு வேலை செய்கிறது. வட்டு குறியாக்கம் ஆகியும் Protection Off என்று இருந்தால், சாவி வட்டிலேயே பூட்டப்படாமல் கிடக்கிறது. உள்ளூர்க் கணக்கு மட்டும் வைத்து நிறுவிய கணினிகளில் இப்படி இருக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, மீட்புச் சாவி அங்கே பத்திரமாகச் சேர்ந்த பிறகுதான் உண்மையான பாதுகாப்பு தொடங்கும். சாவி ஓரிடத்தில் சேராமல் பூட்டக்கூடாது என்று இதை அமைத்தவர்கள் யோசித்திருக்கிறார்கள். அந்த இடம் யாருடையது என்பதைக் கவனிப்பது நம் பொறுப்பாகிவிட்டது.

இரண்டாவது கட்டளையின் பதிலில் Numerical Password என்ற தலைப்பின் கீழ் ஓர் ID-யும் 48 இலக்கங்களும் வரும். அவற்றைக் காகிதத்தில் எழுதுங்கள். ID-யின் முதல் எட்டு எழுத்துகள், எந்த லேப்டாப், எந்தத் தேதி ஆகியவையும் கூடவே இருக்கட்டும். வீட்டில் இரண்டு கணினி இருந்தால், மீட்புத் திரையில் தெரியும் Key ID-யை ஒப்பிட்டுத்தான் சரியான எண்ணை எடுக்க முடியும். எழுதியதும் ஒவ்வொரு தொகுதியையும் கைபேசிக் கால்குலேட்டரில் 11-ஆல் வகுத்துப் பாருங்கள். மீதி வந்தால் எழுதியதில் பிழை.

காகிதம் வீட்டுப் பத்திரங்கள் இருக்கும் இடத்தில் இருக்கட்டும். லேப்டாப் பையில் வைத்தால் திருடனுக்கு இரண்டும் சேர்ந்து கிடைக்கும். லேப்டாப்புக்குள்ளேயே ஒரு கோப்பாக வைத்தால், தேவைப்படும் நாளில் அது பூட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும் பிரதி வசதியானது, aka.ms/myrecoverykey பக்கத்தில் உங்கள் சொந்தக் கணக்கில் நுழைந்து, அங்கே உள்ள ID காகிதத்தில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். நிறுவனத்திடம் இருக்கும் சாவியை நீதிமன்ற ஆணையோடு அரசு கேட்டால் அது கைமாறலாம். செய்தியாளர்களும் வழக்கறிஞர்களும் இதை யோசித்து முடிவெடுக்க வேண்டும். சாதாரணக் குடும்பத்துக்குச் சாவி தொலைவதுதான் அதைவிடப் பெரிய ஆபத்து என்பது என் கணிப்பு.

பயாஸ் அப்டேட் செய்யும் முன்னால், பூட்டைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கலாம்.

```
manage-bde -protectors -disable C:
```

இது குறியாக்கத்தை நீக்காது. அடுத்த முறை கிளம்பும்போது டிபிஎம் முரண்டு பிடிக்காமல் பார்த்துக்கொள்ளும். மறுபடி கிளம்பியதும் பாதுகாப்பு மீண்டும் இயங்கும். மேலே சொன்ன முதல் கட்டளையில் Protection On வந்துவிட்டதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். லேப்டாப்பைப் பழுதுபார்க்கக் கொடுக்கும்போது, போர்டை மாற்ற வேண்டியிருந்தால் முன்கூட்டியே சொல்லச் சொல்லுங்கள். கணினி கிளம்பும் நிலையில் இருந்தால், கொடுக்கும் முன்பே படங்களை வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்துவிடுங்கள். எஸ்எஸ்டியே பழுதானால் எந்தச் சாவியாலும் பயனில்லை.

விண்டோஸை அழித்துப் புதிதாக நிறுவினால், அல்லது குறியாக்கத்தை நீக்கி மறுபடி போட்டால், புதுச் சாவி உருவாகும். பழைய காகிதம் அதைத் திறக்காது. அன்றே இரண்டாவது கட்டளையை மறுபடி கொடுத்து, புது எண்ணை எழுதி, பழையதைக் கிழித்துப் போட்டுவிடுங்கள்.