எண்ணைக் கொடுக்காமல் பேசலாம்: சிக்னல் கொண்டுவந்த மூன்று வசதிகள்

சிக்னல் செயலியில் முன்பெல்லாம் ஒருவருக்குச் செய்தி அனுப்பினால், அனுப்பியவரின் கைபேசி எண்ணும் கூடவே போய்விடும். குழுவில் சேர்ந்தால், முன்பின் அறியாத உறுப்பினர்களும் அந்த எண்ணைப் பார்க்க முடிந்தது. 2024 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட மூன்று வசதிகள் இந்த நிலையை மாற்றின.

முதல் மாற்றத்துக்குப் பயனர் எதையும் செய்ய வேண்டியதில்லை. எண் தானாகவே மறைந்துவிடும். எதிரில் இருப்பவருக்குப் பெயரும் படமும் மட்டுமே தெரியும். ஆனால் அந்த எண்ணை ஏற்கெனவே தன் கைபேசியில் சேமித்து வைத்திருப்பவருக்கு அது வழக்கம்போலத் தெரியும்.

எண்ணே தெரியாதபோது புதிதாக ஒருவர் எப்படித் தொடர்புகொள்வது? அதற்குத்தான் இரண்டாவது வசதியான பயனர்பெயர். வீட்டில் தையல் வேலை செய்யும் பெண் ஒருவர் thaiyal.47 என்று வைத்துக்கொள்வதாகக் கொள்வோம். பெயரின் முடிவில் குறைந்தது இரண்டு இலக்கங்கள் இருக்க வேண்டும் என்பது விதி. வாடிக்கையாளரிடம் அவர் இந்தப் பெயரைச் சொல்லலாம், அல்லது அதற்கான க்யூஆர் குறியீட்டைக் காட்டலாம். முழுப் பெயரையும் சரியாகத் தட்டச்சு செய்தால்தான் அவர் கிடைப்பார். ஓரிரு எழுத்துகளை இட்டுத் தேடிப் பார்க்கும் பட்டியல் எதுவும் சிக்னலில் இல்லை. உரையாடல் தொடங்கியபின் திரையில் தெரிவது அவருடைய வழக்கமான பெயர்தான். தொல்லை வந்தால் பயனர்பெயரை மாற்றிவிடலாம், அழித்தும் விடலாம். நடந்துகொண்டிருக்கும் உரையாடல்கள் அறுபடாது.

மூன்றாவதைத்தான் பலரும் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். எண் மறைந்திருந்தாலும், அதை வேறு வழியில் தெரிந்துகொண்ட ஒருவர் அந்த எண்ணை இட்டுத் தேடினால், அதற்குரியவர் சிக்னலில் இருப்பது தெரிந்துவிடும். தையல்காரப் பெண்ணின் எண் கடையின் பழைய விளம்பர அட்டையில் அச்சாகியிருந்தால், புதிய பயனர்பெயர் மட்டும் அவரைக் காக்காது. Settings > Privacy > Phone Number பகுதியில் Who Can Find Me By Number என்பதற்கு Nobody என்று மாற்ற வேண்டும். அங்கே மாற்றாதவரை Everybody என்றே இருக்கும். மாற்றியபின் எண்ணை இட்டுத் தேடும் புதியவருக்கு எதுவும் கிடைக்காது. ஏற்கெனவே உரையாடியவர்களுக்கு மட்டும் தொடர்பு நீடிக்கும். இதில் ஓர் இடைஞ்சலும் உண்டு. எண்ணை மட்டுமே வைத்திருக்கும் பழைய நண்பரும் புதியவர்போலவே தேடித் தோற்பார். ஆகவே எல்லோரும் இதை மாற்றத் தேவையில்லை. எண் பலர் கைக்குப் போனவர்களுக்கும், யாரேனும் பின்தொடர்வார் என்று அஞ்சுபவர்களுக்கும் இதுவே மூன்றிலும் முக்கியமான வசதி.

பயனர்பெயர் வந்தபின்பும், சிக்னலில் கணக்குத் தொடங்கக் கைபேசி எண் கட்டாயம் வேண்டும்.