சேலைப் படம் சுற்றிக்கொண்டே இருந்தால்

சுங்குடிச் சேலையைப் போனில் எடுத்தால் படம் 4 எம்பி வரை வரும். நொடிக்கு 100 கிலோபிட் மட்டுமே கிடைக்கும் சிற்றூரில் அது இறங்க ஐந்து நிமிஷத்துக்கு மேலாகும். அகலத்தை 1080 பிக்சலாக்கி, ஜேபெக் தரம் 75-இல் சேமித்தால் பெரும்பாலும் 200 கேபிக்குள் அடங்கும். பதினாறு நொடி போதும். சேமித்ததும் பெரிதாக்கிப் பாருங்கள். புள்ளிகள் கலங்கியிருந்தால் தரத்தை 85 ஆக்குங்கள்.

விலையைப் படத்தின் மேல் எழுதும் பழக்கம் பலருக்கு உண்டு, எனக்குப் பிடிக்காது. படம் வரும்வரை விலையும் வராதே! எழுத்து சில நூறு பைட்தான், முந்தி வந்துவிடும். ஆனால் நீண்ட குறிப்பை ஆப் பாதியில் மடித்துவிடும். ஆகவே முதல் வரியிலேயே இப்படி: “சுங்குடி, காட்டன், ரூ.850, மூன்று நிறம்.” வாழ்த்தும் ஹேஷ்டேகும் அதற்குக் கீழே.