கூச்சத்தைக் கடக்கும் படிக்கட்டு

வகுப்பில் எழுந்து பேச வேண்டும் என்றவுடன் நம்மில் சிலருக்கு நெஞ்சு படபடக்கிறது; நா வறள்கிறது. பேச வேண்டிய நாளன்று வயிற்றுவலி வந்து வீட்டிலேயே தங்கிவிடுகிறோம். இது நடிப்பு அன்று. அச்சம் உடலில் செய்யும் வேலை.

1891-இல் பாரிஸ்டராகி இங்கிலாந்திலிருந்து திரும்பிய காந்தியடிகளுக்கும் இது நேர்ந்தது. பம்பாயில் தம் முதல் வழக்கில் சாட்சியை விசாரிக்க எழுந்தவர், தலைசுற்றிக் கேள்வியே தோன்றாமல் அமர்ந்துவிட்டார். கட்டணம் 30 ரூபாயையும் திருப்பிப் பெற்றுக்கொள்ளச் சொல்லிவிட்டு வெளியேறினார். தென்னாப்பிரிக்கா செல்லும்வரை அவர் மீண்டும் வழக்காட நீதிமன்றம் ஏறவில்லை.

ஒதுங்கியதும் மனம் நிம்மதி அடைகிறது. 'ஒதுங்கியதால்தான் தப்பினோம்' என்று அது கற்றுக்கொள்வதால், அடுத்த முறை அச்சம் கூடுகிறது. ஆகவே மருத்துவர்கள் சிறு அச்சத்திலிருந்து பெரிய அச்சத்திற்குப் படிப்படியாக ஏறச் சொல்கிறார்கள்.

1586-இல் நம் புன்னைக்காயலில் 'அடியார் வரலாறு' என்னும் தமிழ் நூல் அச்சானதைப் பற்றி ஒரு மாணவி பேச வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு படிக்கும் அவள் தன் அச்சத்திற்கு நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் இடுகிறாள்.

1. வீட்டில் தனியே உரக்கப் பேசுதல் – 20
2. அம்மாவின் முன் பேசுதல் – 35
3. காலி வகுப்பறையில் ஒரு தோழியிடம் பேசுதல் – 50
4. நான்கு தோழியர் முன் பேசுதல் – 65
5. வகுப்பில் தன் இடத்தில் நின்று ஒரு பத்தி வாசித்தல் – 75
6. வகுப்பின் முன்னே நின்று இரண்டு நிமிடம் பேசுதல் – 90

ஏறுமுன் தான் அஞ்சுவதை எழுதுகிறாள்: "குரல் நடுங்கும், நால்வரும் சிரிப்பார்கள்." முடிந்தபின் நடந்ததை எழுதுகிறாள்: "குரல் நடுங்கியது, ஒருத்தியும் சிரிக்கவில்லை." இந்த இரண்டு வரிகளுக்கும் உள்ள வேறுபாடே அவளுக்குப் பாடம். 65 என்றிருந்த மதிப்பெண் ஏறக்குறைய 30-க்கு இறங்கும்வரை அதே படியை வேறு வேறு நாட்களில் திரும்பச் செய்கிறாள். பிறகே அடுத்ததற்குப் போகிறாள்.

படி மிக உயரமாய்த் தோன்றினால், நடுவே ஒரு சிறு படி சேர்க்கலாம். அச்சம் உச்சத்தில் இருக்கும்போது பாதியில் ஓடிவிட்டால் பழைய பாடமே உறுதிப்படும். தாளால் முகத்தை மறைப்பதும், விரைந்து ஒப்பித்து முடிப்பதும் ஒதுங்குவதன் மறுவடிவங்களே. பலமுறை செய்தும் மதிப்பெண் இறங்காவிட்டால் இப்படி எதையேனும் செய்கிறோமா என்று பார்க்க வேண்டும்.

எல்லாக் கூச்சமும் நோயன்று. ஆனால் ஆறு மாதத்திற்கு மேலாகப் பள்ளிக்கு வரவும், பிறர் முன் உண்ணவும், கடையில் பொருள் கேட்கவும் அஞ்சும் மாணவிக்கு இப்படிகள் மட்டும் போதா. பெற்றோர் அவளைக் கடிந்துகொள்ளாமல் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். மற்றவர்களாகிய நாம் முதற்படியை இன்று மாலையே வீட்டில் தொடங்கலாம்.