நட்பா, காதலா?

வீடியோ கேமில் கூட வரும் ஒருவர் மேல் காதல் வருமா? அதுவும் பறவை முகம் கொண்ட வேற்றுக்கிரகவாசி மேல்? வந்திருக்கே!

கனடாவின் பயோவேர் நிறுவனம் 2007-ல் வெளியிட்ட விண்வெளி விளையாட்டு 'மாஸ் எஃபெக்ட்'. அதில் வருகிற கேரஸ்தான் அந்தப் பறவைமுகக்காரர்; மேலிடத்துக் கெடுபிடி பிடிக்காமல் வேலையை உதறிவிட்டு நம் பக்கம் சேரும் போலீஸ்காரர். சண்டைக்குப் போய்த் திரும்பியதும், கப்பலுக்குள் அவரைத் தேடிப்போய்ப் பேசலாம். பழைய வழக்குகளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்வார். ஒட்டுதல் பிறந்தது அந்த அரட்டையில்தான்!

ஆனால் காதலிக்க வேறு ஆட்களைத்தான் வைத்திருந்தார்கள். கேரஸ் வெறும் நண்பர். ரசிகைகள் விடுவார்களா? "எங்களுக்குக் கேரஸ்தான் வேணும்" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். இரண்டாம் பாகத்தில் நிறுவனம் இறங்கிவந்தது. நாம் கதாநாயகியாக ஆடினால், முகத்தில் பெரிய தழும்போடு திரும்பிவரும் கேரஸைக் காதலிக்கலாம்!

ஒரே தொல்லை. கதை நகராதபோது பேசப் போனால், "பீரங்கியைச் சரிபார்க்கிறேன், அப்புறம் வாங்க" என்று அனுப்பிவிடுவார். அதற்கும் ரசிகைகள் சிரித்துக்கொண்டே மறுபடி போய் நின்றார்கள்!