பி.காம். முடித்தவருக்கு எந்த 'டேட்டா' வேலை?

கல்வி உதவி கேட்டு நம் அலுவலகத்துக்கு வரும் பி.காம். பட்டதாரிகளில் சிலர், 'டேட்டா சயின்ஸ்' பயிற்சிக்குப் பெருந்தொகை கட்ட வேண்டும் என்கிறார்கள். டேட்டா அனலிஸ்ட், டேட்டா சயின்டிஸ்ட், மெஷின் லேர்னிங் இன்ஜினியர் ஆகிய மூன்றும் வெவ்வேறு வேலைகள். பணம் கட்டுமுன் அந்த வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு ஜவுளி மொத்த வியாபாரியை எடுத்துக்கொள்வோம். சில்லறைக் கடைகளுக்கு 30 நாள் கடனில் சரக்கு கொடுக்கிறார். ஓராண்டில் 1,000 பில்கள் போட்டதில், 100 பில்களுக்குக் கெடு தாண்டித்தான் பணம் வந்தது என்று வைத்துக்கொள்வோம்.

பாக்கி எங்கே நிற்கிறது, எந்த ஊரில், எந்த மாதத்தில் என்று எடுத்துக் காட்டுபவர் அனலிஸ்ட். பில் தேதியையும் வரவு தேதியையும் சேர்த்து, 30, 60, 90 நாள் என்று பாக்கியைப் பிரிப்பார். பி.காம். மாணவருக்கு இது பழகிய கணக்குதான். எக்செல், எஸ்க்யூஎல், பவர் பிஐ ஆகியவை தெரிய வேண்டும். ஒரே கடை இரண்டு பெயரில் பதிவாகியிருப்பது போன்ற பிழைகளைத் திருத்துவதிலேயே பாதி நாள் போய்விடும். இதை விளம்பரத்தில் சொல்ல மாட்டார்கள்.

இன்று போடும் பில் தாமதமாகுமா என்று முன்கூட்டியே கணிப்பது சயின்டிஸ்டின் வேலை. பழைய பில்களை வைத்துக் கணிப்பு முறை ஒன்றை உருவாக்கி, கடைசி சில மாதப் பில்களைத் தனியே ஒதுக்கிவைத்து அவற்றில் சோதிப்பார். இங்கே ஏமாற வாய்ப்பு உண்டு. 'எல்லோரும் நேரத்தில் கட்டுவார்கள்' என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் 90 சதவீதம் சரியாகிவிடும். ஆனால் தாமதமான 100 பில்களில் ஒன்றைக்கூடப் பிடித்திருக்காது. அந்த 100இல் எத்தனையைப் பிடித்தது, ஒழுங்காகக் கட்டும் கடைகளில் எத்தனையைச் சந்தேகப்பட்டது என்றுதான் பார்க்க வேண்டும். இன்னொன்று, 'எத்தனை முறை நினைவூட்டினோம்' என்ற விவரத்தைக் கணிப்பில் சேர்த்தால் சோதனையில் முடிவு அபாரமாக வரும். ஆனால் பில் போடும் நாளில் அந்த விவரம் கையில் இருக்காது. வணிகம் அறிந்தவர் இதைச் சட்டென்று கண்டுபிடிப்பார். என்றாலும், புள்ளியியலும் பைத்தானும் ஆழமாகப் படிக்காமல் இந்த வேலைக்குப் போக முடியாது.

அந்தக் கணிப்பு முறையை பில்லிங் மென்பொருளோடு இணைத்து, பில் தட்டும்போதே எச்சரிக்கை வரச் செய்பவர் இன்ஜினியர். கடன் கெடு 45 நாளாக மாறினால் பழைய கணிப்பு பிசகும். அதைக் கவனித்துப் புதிய பில்களைக் கொண்டு மறுபடி பயிற்றுவிப்பதும் அவர் பொறுப்பு. இது முழுக்க மென்பொருள் வேலை. பி.காம். படித்தவருக்கு மூன்றிலும் தொலைவானது இதுதான்.

அனலிஸ்டாகத் தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. வேலை விளம்பரத்தில் பதவிப் பெயரைப் பார்க்காதீர்கள், பணி விவரத்தைப் படியுங்கள். 'சயின்டிஸ்ட்' என்று போட்டுவிட்டு மாத அறிக்கை தயாரிக்கச் சொல்லும் நிறுவனங்களும் உண்டு.

பயிற்சிக் கட்டணம் கட்டுமுன், உறவினர் கடையின் ஓராண்டு பில் கணக்கை அனுமதியோடு வாங்கி, எக்செல்லில் பாக்கிப் பட்டியல் ஒன்று போட்டுப் பாருங்கள். பட்டியலை முடித்ததும், 'அடுத்து யார் தாமதிப்பார்?' என்ற கேள்வி உங்களை விடாமல் அரித்தால், புள்ளியியல் புத்தகத்தை எடுக்கலாம்.