வெட்டுவதற்கு முன் வலது கீழ் மூலையைப் படியுங்கள்

பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜா போகும் சாலையில் திரிங்காப்பைச் சுற்றி இருப்பவை காய்கறித் தோட்டங்களும் தேயிலைத் தோட்டங்களும். பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மேசைக்கு வரப்போகும் வேலையில் பெரும்பகுதி தேயிலைத் தொழிற்சாலை வேலைதான். இலையை உருட்டும் இயந்திரம், சலிக்கும் இயந்திரம், உலர்த்திக்கு இலையைக் கொண்டுபோகும் கன்வேயர், வாட்டும் தொட்டியின் விசிறி என்று எல்லாவற்றிலும் ஏதாவது ஒரு ஷாஃப்ட் தேயும், ஒரு புஷ் கழன்றுபோகும். கேமரன் மலையில் 1929-இல் போ தோட்டம் தொடங்கிய காலத்திலிருந்து இப்படித்தான். பழைய இயந்திரத்துக்குக் கடையில் உதிரிப்பாகம் கிடைக்காது. டிராயிங் போட்டு, லேத்தில் கடைந்து மாட்டவேண்டும்.

டிராயிங் கையில் வந்ததும் உங்கள் கண் நேராகப் படத்துக்குப் போகும். 40 என்று ஓர் எண்ணைப் பார்த்தவுடன் கம்பியை எடுத்து சக்கில் மாட்டத் தோன்றும். அப்போது கையைக் கட்டிக்கொண்டு தாளின் வலது கீழ் மூலையைப் பாருங்கள். அங்கே ஒரு கட்டம் இருக்கும். பாகத்தின் பெயர், உலோகம், அளவு மில்லிமீட்டரா இஞ்சா, எத்தனையாவது திருத்தம் என்ற விவரங்களோடு 'வேறு குறிப்பு இல்லாத அளவுகளுக்கு' என்று தொடங்கும் வரி ஒன்றும் இருக்கும். அந்த வரிதான் டாலரன்ஸ் கட்டம். படத்தில் உள்ள ஒவ்வோர் எண்ணும் எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம் என்று சொல்வது அதுதான். அதைப் படிக்காதவரை 40 என்பது வெறும் 40. அதை வைத்து எதையும் வெட்ட முடியாது.

எந்த உலோகமும் சரியாக 40 மில்லிமீட்டருக்கு வராது. 40.004 வரும், 39.97 வரும். எது போதும், எது போதாது என்று வரைந்தவர் முடிவு செய்திருப்பார். எல்லா எண்ணுக்கும் பக்கத்தில் அதை எழுதினால் படம் எண்களால் நிரம்பிவிடும். அதனால் முக்கியமில்லாத அளவுகளுக்கெல்லாம் சேர்த்து ஒரே அட்டவணையைக் கட்டத்தில் சுட்டிவிடுகிறார். மில்லிமீட்டர் டிராயிங்கில் பெரும்பாலும் 'ஐஎஸ்ஓ 2768-எம்' என்று இருக்கும். 1989-இல் வந்த உலகத் தரம் அது. எம் என்பது நடுத்தரம். எஃப் என்றால் அதைவிட நுட்பம், சி என்றால் முரடு. சிலவற்றில் எம் எழுத்துக்குப் பின் பெரிய கே ஒன்றும் இருக்கும். அது நேர்த்தன்மை, செங்குத்து போன்றவற்றுக்கான இரண்டாம் பகுதி. அந்தப் பகுதியை 2021-இல் விலக்கிவிட்டார்கள். ஆனாலும் அதற்கு முன் வரைந்த தாள்கள் இன்னும் நம் அலமாரியில் இருக்கின்றன; அவற்றில் அந்த எழுத்து இருந்தால் அதற்கு மதிப்பு உண்டு.

எம் அட்டவணையில் மூன்று வரி மனப்பாடமானால் பாதி நாள் ஓடிவிடும். 6-க்கு மேல் 30 வரை கூட்டல் கழித்தல் 0.2. 30-க்கு மேல் 120 வரை 0.3. 120-க்கு மேல் 400 வரை 0.5. எல்லை எண் அடுத்த வரிக்குப் போகாது. சரியாக 30 என்றால் 0.2-தான், 0.3 அல்ல. புதியவர்கள் பலரும் இந்த இடத்தில்தான் இடறுகிறார்கள்.

இப்போது ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். கன்வேயரின் ஷாஃப்ட் தேய்ந்துபோய் வருகிறது. டிராயிங்கில் இடமிருந்து வலமாக நான்கு படிகள். முதலில் 18 நீளத்துக்கு 40 விட்டம். அங்கே 6208 பேரிங் உட்காரும். அடுத்து 250 நீளத்துக்கு 48 விட்டம். பிறகு இன்னொரு பேரிங்குக்காக மறுபடி 18 நீளத்துக்கு 40. கடைசியில் புல்லி மாட்ட 60 நீளம். கட்டத்தில் ஐஎஸ்ஓ 2768-எம். 48 என்ற எண்ணின் பக்கத்தில் வேறு எதுவும் இல்லை. ஆகவே 47.7 முதல் 48.3 வரை எது வந்தாலும் சரி. பேரிங்கின் உள்வளையம் சாய்ந்து நிற்க ஒரு தோள் வேண்டும், அவ்வளவுதான் அதன் வேலை. அங்கே மைக்ரோமீட்டரை எடுத்துக்கொண்டு நேரத்தைப் போக்காதீர்கள், வெர்னியர் போதும்.

40-இன் பக்கத்தில் மட்டும் 'கே6' என்று சிறிய எழுத்தில் இருக்கிறது. எண்ணுக்குப் பக்கத்திலேயே குறிப்பு இருந்தால் கட்டத்தின் பொது அட்டவணை அந்த எண்ணைத் தொடாது. சிறிய எழுத்து ஷாஃப்டுக்கு, பெரிய எழுத்து துளைக்கு. 40 விட்டத்தில் கே6 என்றால் 40.002-க்குக் குறையக்கூடாது, 40.018-ஐத் தாண்டக்கூடாது. உங்களுக்குக் கிடைத்திருக்கும் இடம் மொத்தமே 0.016 மில்லிமீட்டர். நம்மிடம் உள்ள வெர்னியர் 0.02 வரைதான் படிக்கும், அதாவது அதன் ஒரு கோடே இந்த இடத்தைவிட அகலம். இங்கே மைக்ரோமீட்டர் இல்லாமல் வேலையைத் தொடவே கூடாது. எந்த அளவுகோலை எடுக்கவேண்டும் என்பதையும் இப்படி டாலரன்ஸ்தான் தீர்மானிக்கிறது.

அந்த 'கே6'-ஐக் கவனிக்காமல் பொது அட்டவணையை வைத்துப் பார்த்தால் 39.9-ம் சரியாகத்தான் தோன்றும். பேரிங் கையாலேயே வழுக்கிக்கொண்டு போய் உட்காரும், மாட்டுகிறவருக்கும் சந்தோஷம். ஓடத் தொடங்கியதும் உள்வளையம் ஷாஃப்டின் மேல் மெல்ல நழுவிச் சுற்றும். சில வாரத்தில் வளையத்தின் ஓரத்தில் செம்பழுப்புப் பொடி படியும். கழற்றிப் பார்த்தால் ஷாஃப்ட் அந்த இடத்தில் மட்டும் கண்ணாடிபோல் பளபளத்து, இன்னும் இளைத்திருக்கும். மறுபக்கமாகத் தவறினால், 40.05 என்று வைத்துக்கொள்ளுங்கள், சுத்தியலால் அடித்துத்தான் ஏற்றவேண்டியிருக்கும். உள்வளையம் விரிந்து, பந்துகள் உருள விட்டிருக்கும் மெல்லிய இடைவெளியைத் தின்றுவிடும். பேரிங் சூடாகும், முனகும், சீக்கிரமே போய்விடும். பேரிங் மட்டமானது என்று பழி சொல்லிப் புதிது வாங்கிப் போட்டாலும் இதே கதைதான்.

நல்ல வேலைக்காரர்களையும் ஏமாற்றுவது சூடு. டிராயிங்கில் உள்ள எல்லா அளவும் 20 டிகிரி செல்சியஸுக்கானது. கேமரன் மலையின் காற்று பகலில் அதை ஒட்டியே இருப்பதால் நமக்குக் கொஞ்சம் வசதி. கீழே ஈப்போவில் மதிய வெயிலில் வேலை செய்பவருக்கு இந்த வசதி இல்லை. ஆனால் லேத்தில் இப்போதுதான் கடைந்த ஷாஃப்டுக்கு மலை என்ன, சமவெளி என்ன? தொட்டதும் கையை இழுத்துக்கொள்ளத் தோன்றும் சூடு ஏறக்குறைய 60 டிகிரி. எஃகு ஒரு டிகிரிக்கு, ஒரு மீட்டருக்குச் சுமார் 0.0115 மில்லிமீட்டர் விரியும். 40 மில்லிமீட்டர் விட்டம் 40 டிகிரி கூடுதல் சூட்டில் 0.018 விரிந்து நிற்கும். அந்த நிலையில் மைக்ரோமீட்டர் 40.018 என்று காட்டினால் நிறுத்திவிட்டு மகிழ்வீர்கள். ஆறியதும் அது 40.000, கீழ் எல்லைக்குக் கீழே போயிருக்கும். ஆகவே 0.3 மிச்சம் விட்டு நிறுத்துங்கள், ஷாஃப்டை ஆறவிடுங்கள், அளந்து பார்த்துவிட்டுக் கடைசி வெட்டைப் போடுங்கள். குறி 40.010-இல் இருக்கட்டும். எடுத்த உலோகத்தைத் திருப்பி ஒட்ட முடியாது. மிச்சமிருந்தால் எம்ரித் தாளாலேயே சரிசெய்யலாம்.

நீளத்துக்கு வருவோம். 18, 250, 18, 60 என்ற நான்குக்கும் அடியில் முழு நீளம் 346 என்று அடைப்புக்குறிக்குள் இருக்கிறது. அடைப்புக்குள் இருக்கும் எண் தகவலுக்கு மட்டும். கம்பியை எந்த நீளத்துக்கு அறுப்பது என்று தெரிந்துகொள்ளத்தான் அது. அதற்கு டாலரன்ஸ் கிடையாது, அதை அளந்து யாரும் பாகத்தை ஒதுக்கவும் மாட்டார்கள். அதையே குறியாக வைத்து முதலில் 346-க்குச் சரியாக முகம் வெட்டிவிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். பேரிங் இடங்கள் 18.1, 18.1 வருகின்றன. நடுப்பகுதி 250.4 வருகிறது. மூன்றும் அவற்றின் எல்லைக்குள்தான். ஆனால் 346-இல் மிஞ்சுவது 59.4. 60-க்கு 0.3 தான் தளர்ச்சி, குறைந்தது 59.7 வேண்டும். தனித்தனியே சரியாக வந்த மூன்று அளவுகள் சேர்ந்து நான்காவதைக் கெடுத்துவிட்டன. நான்கின் தளர்ச்சியையும் கூட்டினால் 0.2, 0.5, 0.2, 0.3, ஆக 1.2. முழு நீளம் 344.8 வந்தாலும் 347.2 வந்தாலும் இந்த டிராயிங்குக்கு அது குற்றமில்லை.

இஞ்சு டிராயிங் வேறு மாதிரி. தேயிலை இயந்திரங்களில் பழையவை பிரிட்டனிலிருந்து வந்தவை. அவற்றின் படங்கள் இஞ்சில் இருக்கும். அங்கே புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கம் என்பதே டாலரன்ஸ். உதாரணமாக ஒரு கட்டத்தில் இரண்டு இலக்கத்துக்கு 0.010 இஞ்சு, மூன்று இலக்கத்துக்கு 0.005 இஞ்சு, பின்னத்துக்கு 1/64 இஞ்சு என்று போட்டிருக்கலாம். அப்படியானால் 1½ என்பதற்கு ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர் தளர்ச்சி. 1.50 என்பதற்கு 0.25. 1.500 என்பதற்கு 0.13. மூன்றையும் கால்குலேட்டரில் போட்டால் ஒரே 38.1 தான் வரும். அந்த 38.1-ஐ மட்டும் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு லேத்துக்குப் போனால் கடைசிப் பூஜ்யம் சொன்ன சேதி மேசையிலேயே தங்கிவிடும். இஞ்சில் இருந்து மாற்றும்போது அளவோடு தளர்ச்சியையும் சேர்த்து எழுதுங்கள். இந்த எண்கள் ஒவ்வொரு கம்பெனியிலும் மாறும் என்பதால் போன வேலையில் படித்ததை இந்த வேலைக்குக் கொண்டுவர வேண்டாம்.

திருத்த எழுத்தையும் ஒரு பார்வை பாருங்கள். கையில் இருப்பது பி, கம்ப்யூட்டரில் இருப்பது சி என்றால் உங்கள் தாள் குப்பை.

கட்டமே காலியாக இருக்கும் டிராயிங்கும் வரும். தொழிற்சாலையில் யாரோ தேய்ந்த பாகத்தை வெர்னியரால் அளந்து கையால் வரைந்து அனுப்புவது வழக்கம். தேய்ந்த ஷாஃப்டில் 39.86 என்று அளந்தால் அப்படியே 39.86 என்று எழுதியிருப்பார்கள். அது வடிவமைத்த அளவு அல்ல, தேய்மானத்தின் அளவு. அங்கே என்ன பேரிங் உட்காருகிறது என்று கேளுங்கள். 6208 என்று பதில் வந்தால் உள்விட்டம் 40 என்று தெரிந்துவிடும், 39.86 எங்கிருந்து வந்தது என்பதும் புரிந்துவிடும்.

பொது எல்லையைக் கொஞ்சம் தாண்டிய பாகம் வேலைக்கு இடைஞ்சல் இல்லையென்றால் தானாகவே ஒதுக்கத் தேவையில்லை என்று ஐஎஸ்ஓ 2768 தரமே சொல்கிறது. ஆனால் அந்த முடிவு வரைந்தவருடையது, கடைபவருடையது அல்ல. கட்டத்தில் ஒரு வரி புரியவில்லை என்றாலும், பக்கத்துக் குறிப்பும் கட்டமும் முரண்பட்டாலும், லேத்தை ஓட்டுவதற்கு முன் என்னிடம் வந்து கேளுங்கள். நான் இல்லாவிட்டால் தாளில் பென்சிலால் வட்டம் போட்டு, கம்பியை அறுக்காமல் மேசையில் வைத்துவிட்டு அடுத்த வேலையை எடுங்கள்.