இரண்டு போன்களை இணைக்கும் ஒரு கைத்தட்டல்

பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் செய்முறையில் பொட்டாசியம் பர்மாங்கனேட் கொண்டு தரம் பார்க்கும் சோதனையை எல்லாப் பள்ளிகளிலும் செய்கிறார்கள். பியூரெட்டில் அடர் ஊதா நிறப் பர்மாங்கனேட் கரைசல் இருக்கும். கீழே கூம்புக் குடுவையில் 20 மில்லி ஃபெரஸ் அம்மோனியம் சல்பேட் கரைசலும், ஏறக்குறைய அதே அளவு நீர்த்த கந்தக அமிலமும் இருக்கும். ஊதாத் துளிகள் விழ விழ நிறம் மறைந்துகொண்டே போகும். ஒரு கட்டத்தில் ஒரே ஒரு சொட்டு விழுந்ததும் குடுவை முழுவதும் வெளிர் இளஞ்சிவப்பு பரவி, அப்படியே நிற்கும். அதுதான் முடிவுநிலை.

அந்தச் சொட்டின் அளவு சுமார் 0.05 மில்லி. நாற்பது பேர் கூடி நிற்கும் ஆய்வகத்தில் முன்வரிசை மாணவர்களுக்குத்தான் அது தெரியும். அதனால் பல ஆசிரியர்கள் சோதனையை வீடியோவாக எடுத்து வைக்கிறார்கள். ஆனால் ஒரு போனை வைத்து எடுத்தால் இரண்டில் ஒன்றைத்தான் பிடிக்க முடியும். தள்ளி வைத்தால், ஆசிரியர் இடது கையால் குழாயைத் திருகிக்கொண்டே வலது கையால் குடுவையைச் சுழற்றும் முறை தெரியும், நிறமாற்றம் தெரியாது. நெருங்கி வைத்தால் நிறம் தெரியும், கை தெரியாது. மாணவர் கற்க வேண்டியதோ இந்த இரண்டுக்கும் இடையிலான உறவு: எந்தத் திருகலில் எந்தச் சொட்டு விழுந்தது, அதற்கு என்ன விளைவு ஏற்பட்டது என்பது.

இரண்டு போன்களால் எடுத்து, பிறகு இரண்டு படத்தையும் ஒரே நேரக்கோட்டில் வைத்தால் இது கிடைத்துவிடும். ஆனால் அவை ஒரு விநாடி பிசகினாலும் சோதனையே பொய்யாகிவிடும். சொட்டு விழுவதற்கு முன்பே குடுவை சிவந்தது போலவோ, கூடுதலாக ஊற்றிய பிறகுதான் சிவந்தது போலவோ மாணவருக்குத் தோன்றும். இந்தப் பொருத்தத்தைச் செய்ய விலையுள்ள கருவி எதுவும் வேண்டாம். சோதனை தொடங்கும் முன் ஒருமுறை பளிச்சென்று கை தட்டினால் போதும்.

சினிமாப் படப்பிடிப்பில் கிளாப் பலகையை அடிப்பதும் இதற்காகத்தான். அங்கே படத்தை ஒரு கருவியும் ஒலியை இன்னொரு கருவியும் பதிவு செய்கின்றன. பலகையின் இரண்டு கட்டைகளும் ஒட்டும் படத்தையும் ‘டக்’ என்ற ஒலியையும் ஒன்றாக வைத்துவிட்டால், அதன் பின் வரும் எல்லாமே பொருந்திவிடும். நம்மிடம் இருப்பவை இரண்டு போன்கள். இரண்டிலும் படமும் ஒலியும் உண்டு என்பதால் வேலை இன்னும் எளிது.

வசனத்தை விட்டுவிட்டுக் கைத்தட்டலைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் உண்டு. “ஒன்று, இரண்டு, மூன்று” என்று சொன்னால் அந்த ஒலி மெல்ல எழுந்து மெல்ல அடங்கும். எடிட்டிங் செயலியில் தெரியும் ஒலி அலை வரைபடத்தில் அது ஒரு மேடு போலத்தான் இருக்கும், அதன் தொடக்கம் எது என்று சொல்வது கடினம். கைத்தட்டலோ அமைதியிலிருந்து செங்குத்தாக ஓர் ஊசிபோல் எழும். சிமெண்ட் சுவர் கொண்ட வகுப்பறைகளில் அந்த ஊசிக்குப் பின்னால் எதிரொலியின் சிறு ஊசிகளும் வரும். எப்போதும் முதல் ஊசியின் தொடக்கத்தையே குறியாக எடுக்க வேண்டும்.

போன்களை வைக்கும் முறையைப் பார்ப்போம். முதல் போன் மேசையிலிருந்து இரண்டரை மீட்டர் தள்ளி, முக்காலியில், ஆசிரியரும் பியூரெட் தாங்கியும் முழுவதும் தெரியும்படி நிற்கட்டும். இரண்டாவது போன் குடுவையிலிருந்து 40 சென்டிமீட்டர் தூரத்தில், குடுவையின் உயரத்திலேயே இருக்கட்டும். குடுவைக்கு அடியில் வெள்ளைப் பீங்கான் ஓடு அவசியம். இரண்டு போன்களையும் படுக்கைவாட்டில் வைத்து, இரண்டிலும் விநாடிக்கு 30 ஃபிரேம் என்று அமைப்பில் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டையும் விமானப் பயன்முறையில் போட வேண்டும், நடுவில் அழைப்பு வந்தால் பதிவு நின்றுபோகலாம். மின்விசிறியை நிறுத்திவிடுவது நல்லது.

நெருக்கமான போனில் இன்னொரு வேலையும் உண்டு. திரையில் குடுவையின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்ச அளவையும் பூட்டிவிட வேண்டும். ஐபோனில் AE/AF LOCK என்று மேலே காட்டும், பல ஆண்ட்ராய்டு போன்களில் பூட்டுப் படம் தெரியும். நிறச் சமநிலையைப் பூட்டும் வசதி இருந்தால் அதையும் செய்துவிடலாம். இல்லாவிட்டால், வெளிர் இளஞ்சிவப்பு தோன்றும் அந்த நொடியில் போன் தானாக நிறத்தைச் சரிசெய்யப் போய், நாம் காட்ட வந்த நிறத்தையே மங்கச் செய்துவிடக்கூடும்.

இரண்டு போன்களிலும் பதிவைத் தொடங்கியபின், ஆசிரியர் குடுவைக்கு நேர் மேலே, இரண்டு கேமராவிலும் கைகள் தெரியும் இடத்தில், ஒரே ஒரு முறை தட்ட வேண்டும். தட்டியதும் உள்ளங்கைகளை அரை விநாடி சேர்த்தே வைத்திருந்தால், கைகள் முதலில் தொட்ட ஃபிரேமைப் பிறகு எளிதாகக் கண்டுபிடிக்கலாம். மாணவர்கள் சேர்ந்து தட்டக்கூடாது, பல ஊசிகள் கலந்து எது எது என்று தெரியாமல் போய்விடும். சோதனை முடிந்ததும், பதிவை நிறுத்துவதற்கு முன்பு, அதே இடத்தில் இன்னொரு முறை தட்ட வேண்டும். இந்த இரண்டாவது தட்டலைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். அதன் பயன் பின்னால் தெரியும்.

இனி பொருத்தும் வேலை. முதல் போனின் பதிவில் கைத்தட்டல் 12 விநாடி 10-ஆவது ஃபிரேமில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது போனைச் சற்று முன்னதாகவே ஓடவிட்டிருந்ததால் அதில் 47 விநாடி 4-ஆவது ஃபிரேமில் வருகிறது. விநாடிக்கு 30 ஃபிரேம் என்பதால் முதலாவது 370-ஆவது ஃபிரேம், இரண்டாவது 1414-ஆவது ஃபிரேம். வித்தியாசம் 1044 ஃபிரேம், அதாவது 34.8 விநாடி. இரண்டாவது பதிவின் தொடக்கத்தில் அவ்வளவை வெட்டிவிட்டால் இரண்டு தட்டலும் ஒன்றின் மேல் ஒன்றாக வந்துவிடும். போன் செயலியிலேயே ஒலி அலைகளைப் பெரிதாக்கி, ஊசியும் ஊசியும் நேராகும்வரை நகர்த்தியும் இதைச் செய்யலாம். கணினியில் கேடன்லைவ் என்ற இலவச மென்பொருளில் ஒரு பதிவுக்கு Set Audio Reference என்றும் மற்றதற்கு Align Audio to Reference என்றும் கொடுத்தால் அதுவே ஒலியை ஒப்பிட்டுப் பொருத்திக்கொள்ளும். அப்போதும் கைத்தட்டலைக் கண்ணால் சரிபார்ப்பது நல்லது.

பொருந்தியதா என்று காதே சொல்லும். இரண்டு பதிவின் ஒலியையும் சேர்த்து ஓட விடுங்கள். ஆசிரியர் குரல் இரட்டையாக, எதிரொலி போலக் கேட்டால் இன்னும் சில ஃபிரேம் விலகியிருக்கிறது. குழாய்க்குள் பேசுவது போல ஒற்றைக் குரலாகக் கேட்டால் மிக நெருங்கிவிட்டது. அதன்பின் ஒரு போனின் ஒலியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை முழுவதும் அணைத்துவிட வேண்டும்.

எவ்வளவு துல்லியம் போதும்? ஒரு ஃபிரேம் என்பது சுமார் 33 மில்லிவிநாடி. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஒளிபரப்புப் பரிந்துரைப்படி, ஒலி படத்தைவிட 45 மில்லிவிநாடி முந்தினாலோ 125 மில்லிவிநாடி பிந்தினாலோதான் பார்ப்பவருக்கு அது தெரியத் தொடங்குகிறது. ஆகவே ஒரு ஃபிரேம் பிசகு பாதகமில்லை. தள்ளியிருக்கும் போனுக்கு ஒலி சற்றுத் தாமதமாகத்தான் போய்ச் சேரும், ஆனால் ஒலி ஒரு மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 3 மில்லிவிநாடிதான் ஆகிறது. நம் இரண்டு போன்களுக்கும் இடையே இரண்டு மீட்டர்தான் வித்தியாசம் என்பதால் அதைப் பொருட்படுத்த வேண்டாம். வகுப்பின் கடைசி வரிசையில், பத்து மீட்டர் தள்ளி வைத்தால்தான் அது ஒரு ஃபிரேமை நெருங்கும்.

இப்போது கடைசித் தட்டலுக்கு வருவோம். நம் எடுத்துக்காட்டில் அது முதல் பதிவில் 11 நிமிடம் 52 விநாடியில் இருக்கிறது. முதல் தட்டல் சரியாகப் பொருந்தியிருந்தால் கடைசித் தட்டலும் பொருந்த வேண்டும். பொருந்தவில்லை என்றால் இரண்டு காரணங்கள் இருக்கலாம்.

இரண்டு பதிவுகளின் ஒலி ஊசிகளே விலகியிருந்தால், போன்களின் கடிகாரங்கள் ஒரே வேகத்தில் ஓடவில்லை என்று பொருள். ஒவ்வொரு போனுக்கும் தனித்தனி குவார்ட்ஸ் படிகம் நேரம் சொல்கிறது. இரண்டுக்கும் பத்து லட்சத்தில் 20 பங்கு வேறுபாடு இருந்தால், ஒரு மணி நேரத்தில் 72 மில்லிவிநாடி, அதாவது சுமார் இரண்டு ஃபிரேம் விலகும். பன்னிரண்டு நிமிடச் சோதனையில் இது அரை ஃபிரேம்கூட வராது. நீண்ட பாடமாக இருந்தால், யாரும் பேசாத ஓர் இடத்தில் வெட்டி ஒரு ஃபிரேம் நகர்த்திவிட்டால் போதும்.

ஒலி ஊசிகள் பொருந்தியிருந்தும், நெருக்கப் படத்தில் கைகள் மட்டும் ஒலிக்கு 20 ஃபிரேம் முன்னதாகவே சேர்ந்துவிட்டால் அது வேறு கோளாறு. வெளிச்சம் குறையும்போது சில போன்கள் விநாடிக்கு 30 ஃபிரேம் எடுக்காமல் 24 அல்லது அதற்கும் குறைவாக எடுக்கும். ஆசிரியர் குனியும்போது குடுவையின் மேல் நிழல் விழுகிற நெருக்கப் படத்தில்தான் இது அதிகம் நேரும். சில எடிட்டிங் செயலிகள் குறைந்த அந்த ஃபிரேம்களையும் 30 என்றே கணக்கிட்டு ஓட்டுவதால் படம் ஒலியை முந்திப் போகிறது. இறுதிச் சொட்டு விழும் நேரத்தில் படம் அரை விநாடிக்கு மேல் தவறியிருக்கும். கடைசித் தட்டலைப் படத்திலும் பார்க்காவிட்டால் இது நம் கண்ணில் படாமலே போய்விடும்.

வெட்டத் தொடங்கும் முன்பே அந்தப் பதிவைச் சீரான ஃபிரேம் வேகத்துக்கு மாற்றிக்கொள்வதுதான் இதற்குத் தீர்வு. கணினியில் எஃப்எஃப்எம்பெக் இருந்தால் ஒரே வரி போதும்:

```
ffmpeg -i B.mp4 -vf fps=30 -c:a copy B30.mp4
```

இது ஒலியைத் தொடாமல், விடுபட்ட இடங்களில் முந்தைய ஃபிரேமையே மீண்டும் வைத்து நிரப்புகிறது. அதைவிட நல்லது, குடுவைக்குப் பக்கவாட்டில் ஒரு மேசை விளக்கு வைத்து, நிழலே விழாமல் எடுப்பது.

கைத்தட்டலால் சரிசெய்ய முடியாத ஒன்று உண்டு. நடுவில் ஒரு போன் நின்று மீண்டும் ஓடத் தொடங்கினால் அது புதிய பதிவு, பழைய தட்டல் அதற்குப் பொருந்தாது. ஆசிரியர் குழாயை மூடிவிட்டு மறுபடியும் ஒருமுறை தட்டிவிட்டுத் தொடர வேண்டும்.

பொருத்தி முடித்ததும் வெட்டுவதற்கு ஒரே ஒரு விதியை வைத்துக்கொள்ளலாம். முடிவுநிலை நெருங்கும் முன் தூரப் படத்தையே ஓட விட்டு, ஆசிரியர் சொட்டுச் சொட்டாக விடத் தொடங்கும் இடத்தில் நெருக்கப் படத்தைப் பெரிதாக வைத்து, தூரப் படத்தை மூலையில் சிறிய கட்டமாக வைக்க வேண்டும். அந்தக் கட்டத்தில் விரல் திருகும், பெரிய படத்தில் சொட்டு விழும், குடுவை சிவக்கும். இந்த மூன்றும் எந்த வரிசையில் நடந்தனவோ அதே வரிசையில் மாணவர் பார்ப்பதால், அடுத்த முறை தாமே பியூரெட்டைப் பிடிக்கும்போது எந்தச் சொட்டில் நிறுத்த வேண்டும் என்பதை அந்த வீடியோவை நம்பியே கற்றுக்கொள்ளலாம்.